கூட்டத்தில இடைக்குள்ள பாயிற அண்ணனுக்கு எப்படிச் சொல்றது?

வாவிக்கரை | 2024 மார்ச் 4, திங்கள், இரவு 9.40

எங்கட டீமில ஒரு அண்ணன். என்னைவிடப் பத்து வயசாவது மூத்தவர். களத்தில எனக்கு வேலை பழக்கினவரும் அவர்தான். வெள்ள நேரம் எங்கட ஒழுங்கைக்குள்ள இடுப்பளவு தண்ணியில நடந்து வந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனவர். அப்படிப்பட்ட மனிசன். ஆனா திங்கக்கிழமைக் கூட்டத்தில நான் கதைக்கத் தொடங்கினா, பாதியில பாய்ஞ்சிடுவார். மற்றாக்களுக்கும் செய்யிறவர்தான், எனக்குக் கொஞ்சம் கூட.

இண்டைக்கு நடந்ததைச் சொல்றன். வவுணதீவுப் பக்கம் ஒரு சின்னக் குளம், மதகு திருத்துற வேலை. கொழும்பில இருந்து முகாமையாளர் மிஸ் சூமில. நான் இங்கிலீசில றிப்போட் சொல்றன். மதகைத் திருத்தினாலும் வாய்க்கால் கடைசிக் காணிக்குத் தண்ணி போகாது, ஏனெண்டா நடுவில வாய்க்கால் தூர்ந்து கிடக்கு, வட்டை விதானையார் கூட்டிப் போய்க் காட்டினவர். இதுதான் நான் சொல்ல வந்தது. 'வாய்க்கால் கடைசியில இருக்கிற விவசாயிகள்' எண்டு தொடங்கி, தூர்ந்து போறதுக்கு இங்கிலீசுச் சொல் தேடி ஒரு நொடி நிண்டன். அண்ணன் உடனே "அது பட்ஜெட் பிரச்சினை மிஸ்" எண்டு எடுத்திட்டார். அதுக்குப் பிறகு கூட்டம் முழுக்க பட்ஜெட். மதகை மட்டும் திருத்துறதெண்டு முடிவாகிட்டு. சிறுபோகத்துக்குத் தண்ணி திறந்தா கடைசிக் காணிக்காரர் என்னட்டத்தான் வருவாங்க.

இவருக்கு எப்படிச் சொல்றது? உறவும் முறியக்கூடாது, சுத்தி வளைச்சுச் சொல்லி விளங்காமலும் போகக்கூடாது.

எருவில் பொடியன் | மார்ச் 4, இரவு 10.15

அக்கா, எங்களுக்கு ஒரு டிரெயினிங்கில சொல்லித் தந்தது. முதல்ல நல்லது ஒண்டு சொல்லுங்க, நடுவில பிரச்சினையைச் சொல்லுங்க, பிறகும் நல்லது ஒண்டு சொல்லி முடியுங்க. "அண்ணன் உங்கட அனுபவம் பெரிசு, இடையில கதைக்கிறதைக் கொஞ்சம் குறைச்சா நல்லம், உங்களாலதான் இந்த டீமே ஓடுது." ஆளுக்கு நோகாது.

திருக்கோவில் கரை | மார்ச் 5, காலை 6.50

எங்கட கோயில் நிருவாகசபையிலயும் இதே கதைதான். ஒரு பெரியவர் திருவிழாக் கூட்டத்தில மைக்கைப் பிடிச்சா விடமாட்டார். ஒருத்தரும் சொல்லேலாது. நாங்க நிகழ்ச்சி நிரலை அச்சடிச்சு ஒவ்வொருத்தருக்கும் நேரம் போட்டு வைச்சம். அவர் தாளை மடிச்சு வைச்சிட்டு திரும்பவும் அதையேதான் செய்தார்.

வாவிக்கரை | மார்ச் 5, காலை 7.20

அது நீளமாக் கதைக்கிற பிரச்சினை ஐயா. இவர் நீளமாக் கதைக்கிறவர் இல்ல. மற்றவர் முடிக்க முதல் தொடங்கிறார், அவ்வளவுதான்.

கல்முனைக்குடி நானா | மார்ச் 5, மாலை 5.30

தங்கச்சி, அரச உத்தியோகத்தர்களுக்குப் பயிற்சி நடத்தி ஓய்வு பெற்றவன் நான். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடையில் பேசுவதெல்லாம் ஒரே வகை இல்லை. டெபோரா டானன் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1978இல் கலிபோர்னியாவில் ஒரு விருந்து மேசைப் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்தார். மேசையில் இருந்த நியூயோர்க் ஆட்களுக்கு, ஒருவர் பேசும்போதே மற்றவர் சேர்ந்து பேசுவது 'நான் உன்னோடு இருக்கிறேன்' என்பதன் அடையாளம். அதே மேசையில் இருந்த கலிபோர்னியா ஆட்களுக்கும் இங்கிலாந்துப் பெண்ணுக்கும் அது வாயை அடைப்பது போல இருந்தது. ஒருவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. எங்கள் கலியாண வீட்டில் பெண்டுகள் நாலு பேர் ஒரே நேரத்தில் கதைத்தாலும் கதை ஒன்றாகத்தான் ஓடும், ஒருத்தரும் கோபிக்க மாட்டார்கள்.

வித்தியாசம் பிடிக்க ஒரு வழி உண்டு. அவர் இடையில் பேசிய பிறகு பேச்சு உங்களிடம் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அவர் உங்கள் கதைக்குத் தோள் கொடுக்கிறார். திரும்பி வராமல் வேறு பக்கம் போனால், அவர் எண்ணம் எதுவானாலும் உங்கள் இடம் போய்விட்டது. நீங்கள் எழுதியதில் அது திரும்பி வரவில்லை. ஆகவே சொல்லத்தான் வேண்டும்.

தம்பி சொன்ன முறையில் பாதி சரி. நோகாமல் சொல்ல வேண்டும் என்பது சரி. ஆனால் புகழ்ச்சிக்கு நடுவில் வைத்தால் இரண்டில் ஒன்று நடக்கும். கேட்பவர் புகழ்ச்சியை மட்டும் எடுத்துக்கொண்டு சந்தோசமாகப் போவார், நடுவில் இருந்தது காதில் விழாது. அல்லது அடுத்த முறை நீங்கள் உண்மையாகவே பாராட்டும்போது, பின்னால் என்ன வருகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

சொல்ல வேண்டியது மூன்றே விசயம். எந்த நேரம், அவர் என்ன செய்தார், அதனால் உங்களுக்கு என்ன ஆனது. சென்டர் ஃபோர் கிரியேட்டிவ் லீடர்ஷிப் என்ற நிறுவனம் இந்த ஒழுங்கில்தான் பயிற்சி கொடுக்கிறது. பிறகு, இனி என்ன வேண்டும் என்று நேராகக் கேளுங்கள். எழுதிப் பாருங்கள், இங்கேயே போடுங்கள்.

வாவிக்கரை | மார்ச் 5, இரவு 8.10

எழுதிப் பார்த்தன் நானா.

"அண்ணன், குறை நினைக்காதீங்க. கூட்டத்தில எல்லாருக்கும் கதைக்க இடம் கிடைச்சா நல்லம் எண்டு சில பேர் நினைக்கிறாங்க."

கல்முனைக்குடி நானா | மார்ச் 5, இரவு 8.45

இதில் நீங்களும் இல்லை, அவரும் இல்லை. 'சில பேர்' என்று கேட்டால் அந்த மனிதர் இரவு முழுக்க யார் யார் என்று தேடுவார். தன்னைப் பற்றி ஒபிசில் கூடிக் கதைத்திருக்கிறார்கள் என்று நினைப்பார். உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் உங்கள் பெயரிலேயே சொல்லுங்கள். ஒரு ஆள் சொல்வதைத் தாங்குவது லேசு, கூட்டமாகச் சொல்வதைத் தாங்குவது கஷ்டம்.

வாவிக்கரை | மார்ச் 6, அதிகாலை 5.50

இரண்டாவது.

"அண்ணன், நீங்க எப்பவும் நான் கதைக்கக்குள்ள வெட்டிறீங்க. என்னை மதிக்கிறதில்ல எண்டு எனக்குப் படுது. திட்டத்துக்கும் பாதிப்பு."

கல்முனைக்குடி நானா | மார்ச் 6, காலை 7.05

கிட்ட வந்துவிட்டீர்கள். 'எப்பவும்' வேண்டாம். வெட்டாமல் இருந்த ஒரு நாளை அவர் நினைவில் இருந்து எடுத்துவிடுவார், பிறகு அந்த நாளைப் பற்றிய வழக்காகிவிடும். 'மதிக்கிறதில்ல' என்பது அவர் நெஞ்சுக்குள் இருப்பதைப் பற்றியது, நீங்கள் கண்டதில்லை. நீங்கள் கண்டது அவர் பேசத் தொடங்கினார் என்பது மட்டும். 'திட்டத்துக்குப் பாதிப்பு' என்று பொதுவாகச் சொல்ல வேண்டாம், வாய்க்காலைச் சொல்லுங்கள்.

இன்னொன்று. நோகிறது என்பதை ஒளிக்காதீர்கள். வேலைக்காகத்தான் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னால், அடுத்த முறை வேலைக்குப் பாதிப்பில்லாத இடத்தில் வெட்டுவார், நீங்கள் ஒன்றும் சொல்ல முடியாது.

ஏறாவூர் ராத்தா | மார்ச் 6, பகல் 1.15

எனக்கு இடையில பாயிறவர் கூட வேலை செய்யிற ஆள் இல்ல, மேலதிகாரி. இந்த மூண்டையும் அவருக்குச் சொல்ல ஏலுமா? வருசத்துக்கு ஒருக்கா மதிப்பீட்டு அறிக்கை எழுதிறதே அவர்தான். நானா, நேராச் சொல்லுங்க எண்டு சொல்றது லேசு.

கல்முனைக்குடி நானா | மார்ச் 6, பகல் 2.00

உண்மைதான் மகள். சம நிலையில் இருப்பவருக்குச் சொல்வதைத்தான் நான் எழுதினேன். மேலதிகாரிக்கு, எனக்குத் தெரிந்து, குறையாகச் சொல்வதைவிடக் கூட்டத்துக்கு முன்னால் "சேர், இன்றைக்கு என்னிடம் ஒரு விசயம் இருக்கு, முழுக்கச் சொல்லிட்டு உங்கட கருத்தைக் கேக்கிறன்" என்று கேட்டு வைப்பதுதான் பலித்திருக்கிறது. எல்லா அதிகாரியிடமும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன்.

எருவில் பொடியன் | மார்ச் 6, மாலை 6.20

நேர சொல்ல பயமெண்டா வட்ஸ்அப்பில எழுதி அனுப்பலாமே அக்கா? இல்லாட்டி டிரைவர் அண்ணன்ட சொல்லி விடுங்க, அவங்க ரெண்டு பேரும் ஒரே ஊர்தானே.

வாவிக்கரை | மார்ச் 6, இரவு 9.00

ஆள் விட்டுச் சொல்றது எங்கட பக்கத்துப் பழக்கம்தான். கலியாணப் பேச்சுக்கு அது சரி. இதுக்குச் சரிவராது தம்பி. டிரைவர் அண்ணன் அவரிட்டப் போய்ச் சேர்க்கக்குள்ள அது முறைப்பாடா மாறியிருக்கும். வட்ஸ்அப்பில என்ர முகம் தெரியாது. நான் கோபத்தில எழுதினதா கவலையில எழுதினதா எண்டு அவருக்கு எப்படி விளங்கும்? ஸ்கிரீன்ஷொட் வேற எடுக்கலாம்.

எனக்கு இப்ப இருக்கிற யோசனை எங்க வைச்சுக் கதைக்கிற எண்டுதான். இதைத் தனியாத்தான் சொல்லோணும். கலியாணம் முடிக்காத பொம்பிளப் பிள்ளை ஒரு ஆம்பிளையோட கதவைச் சாத்திக் கதைச்சா அடுத்த நாள் என்ன கதை வரும் எண்டு இஞ்ச இருக்கிறவங்களுக்குத் தெரியும். வாகனத்துக்க டிரைவர் இருப்பார். வலையிறவுப் பாலத்தடியில ரீ குடிக்க நிற்பாட்டுவம், அங்கயும் தெரிஞ்ச சனம்.

ஏறாவூர் ராத்தா | மார்ச் 6, இரவு 9.25

கண்ணுக்குத் தெரியிற இடம், காதுக்குக் கேக்காத தூரம். ஒபிஸ் விறாந்தை இருந்தா அதுதான் நல்லம். ரீ நேரம் முடிஞ்சு எல்லாரும் உள்ள போகக்குள்ள "அண்ணன், ஒரு அஞ்சு நிமிசம்" எண்டு கேளுங்க. கூட்டம் தொடங்கப் போற நேரம் மட்டும் சொல்லிடாதீங்க. அதையே நினைச்சுக்கொண்டு உள்ள போய் இருப்பார்.

வாவிக்கரை | மார்ச் 9, அதிகாலை 1.20

சிவராத்திரி விழிப்பு. கோயிலால வந்து அம்மா அடுத்த பூசைக்குக் காத்திருக்கிறா, நான் இதை எழுதுறன்.

வியாழக்கிழமை சொல்லிட்டன். விறாந்தையில, ராத்தா சொன்ன மாதிரி. நான் சொன்னதை அப்படியே போடுறன்.

"அண்ணன், திங்கக்கிழமை நான் வாய்க்கால் கதை சொல்லிக்கொண்டு இருக்கக்குள்ள, முடிக்க முதல் நீங்க பட்ஜெட்டைத் தொடங்கினீங்க. வாய்க்கால் தூர்ந்து கிடக்கிற விசயம் மிஸ்ஸிட்டப் போகவே இல்ல. எனக்கு அது மனசுக்குக் கஷ்டமா இருந்த. இனி நான் முடிச்சிட்டன் எண்டு சொல்லும்வரைக்கும் பொறுப்பீங்களா?"

சொல்லி முடிச்சு வாயை மூடிக்கொண்டன். அதுதான் ஆகக் கஷ்டமான இடம். "பரவாயில்ல அண்ணன், சும்மா சொன்னன்" எண்டு சொல்ல நாக்கு வந்துகொண்டே இருந்த.

அவர் முதல்ல சொன்னது "நான் உனக்கு உதவி செய்யத்தானே புள்ள பாய்ஞ்ச." எனக்கு அது தெரியும் எண்டன், ஆனாலும் கஷ்டமா இருந்த எண்டும் சொன்னன். கொஞ்ச நேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு நிண்டார். பிறகு அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கேல்ல. முந்தி ஒரு திட்டத்தில இப்படித்தான் சூமில எங்கட ஆள் சொல் தேடி நிண்டவராம். அந்த இடைவெளியில வேற மாவட்டத்து ஆள் கதைக்கத் தொடங்கி, எங்கட பக்கத்து விசயம் எடுபடாமலே போயிட்டாம். அண்டைக்குப் பிறகு எங்கட ஆக்கள் ஆராவது தயங்கினா, இடம் போகாம இருக்க தான் பிடிச்சுக்கொள்றதாம்.

"அப்ப நீ சிக்கினா நான் என்ன செய்யட்டும்? சும்மா பார்த்துக்கொண்டு இருக்கட்டுமா?" எண்டு கேட்டார். நியாயமான கேள்வி. சொல் வேணுமெண்டா நான் உங்களைத் திரும்பிப் பார்ப்பன், அப்ப அந்தச் சொல்லை மட்டும் தாங்க, பிறகு என்னட்டயே விட்டிடுங்க எண்டன். ஓம் எண்டார். முகம் கொஞ்சம் வாடித்தான் இருந்த. வாய்க்கால் விசயத்தை மிஸ்ஸுக்குத் தனியா ஈமெயில் போடச் சொன்னதும் அவர்தான்.

அம்பாறை டவுண் | மார்ச் 9, காலை 10.40

கணினி வேலை செய்யிறவன். இதில சூமுக்கும் பங்கு இருக்கு. பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009ல வந்த ஒரு ஆய்வில, ஒருத்தர் முடிச்சு மற்றவர் தொடங்க ஆகிற இடைவெளி சராசரியா ஐந்தில ஒரு செக்கன்தான் எண்டு கண்டாங்க. அவ்வளவு கிட்டக் கிட்டத்தான் நாங்க கதைக்கிறம். சூமில குரல் போய்ச் சேரவே அதுக்குக் கிட்டவான நேரம் எடுக்கும், லைன் மோசமெண்டா இன்னும் கூட. கொழும்பில இருக்கிறவங்களுக்கு உங்கட ஒரு நொடி தயக்கம், முடிச்சிட்டீங்க எண்டு கேக்கும். அதனால அந்த அண்ணன்ட பயம் பொய் இல்ல. ஒண்டு செய்யலாம். தொடங்கக்குள்ளயே "இரண்டு விசயம் இருக்கு மிஸ்" எண்டு சொல்லுங்க. நடுவில நிண்டாலும் இரண்டாவது இன்னும் வரேல்ல எண்டு எல்லாருக்கும் தெரியும்.

வாவிக்கரை | மார்ச் 11, இரவு 8.30

இண்டைக்குக் கூட்டம். "இரண்டு விசயம்" எண்டுதான் தொடங்கினன். வாய்க்கால் கதை முழுசாப் போச்சு. அண்ணன் ஒருக்கா வாய் திறந்தார், என்னைப் பார்த்தார், மூடினார். தூர்ந்ததுக்குச் சொல் கேட்டு அவரைப் பார்த்தன், சொல்லைத் தந்தார், விட்டார். வாய்க்கால் துப்பரவாக்கிறதையும் சேர்க்க மிஸ் மதிப்பீடு கேட்டிருக்கிறா.

ஆனா ரீ நேரம் அவர் எங்களோட வந்து நிற்கேல்ல. ரெண்டு பேரும் வேற வேற மூலையில குடிச்சம்.

எருவில் பொடியன் | மார்ச் 11, இரவு 9.10

பாருங்க அக்கா, நோகாம சொல்லியிருக்கலாம்.

கல்முனைக்குடி நானா | மார்ச் 14, மாலை 4.40

நோன்பு தொடங்கியதால் இந்தப் பக்கம் வரச் சுணங்கிவிட்டது.

தம்பி, எப்படிச் சொன்னாலும் கொஞ்சம் நோகும். ஒரு மனிதர் தன்னைப் பற்றி உதவி செய்கிறவன் என்று நினைத்திருந்தார், அது இன்னொருவருக்குத் தடையாக இருந்தது என்று இப்போது தெரிகிறது. அதற்கு நேரம் வேண்டும். தங்கச்சி, நீங்கள் போய்ச் சமாதானம் பேச வேண்டாம். சொன்னதை நீங்களே திரும்ப எடுப்பது போல ஆகிவிடும். வழமையாக எதைக் கேட்பீர்களோ அதை அவரிடமே போய்க் கேளுங்கள், களத்து விசயம், பாதை விசயம், எதுவானாலும். பொறுத்துக்கொண்டதற்கு நன்றி சொல்ல மறக்க வேண்டாம். எந்த இடத்தில் பொறுத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வாவிக்கரை | மார்ச் 18, இரவு 9.15

நன்றி சொன்னன். "திங்கக்கிழமை வாய் திறந்திட்டுப் பொறுத்தீங்க, கண்டனான்" எண்டன். சிரிச்சிட்டார். மதிப்பீட்டுக்கு வாய்க்கால் நீளம் அளக்க ரெண்டு பேரும்தான் போனம், விதானையாரும் வந்தார். போற வழியில பழைய மாதிரிக் கதை.

இண்டைக்குக் கூட்டத்தில ஒருக்கா மறந்து பாய்ஞ்சார். அந்த இடத்திலயே "அண்ணன், முடிச்சிட்டுத் தாறன்" எண்டன். கையைத் தூக்கிக் காட்டி நிறுத்திட்டார். முதலே விறாந்தையில கதைச்சிருக்காட்டி அந்த ஒரு வசனம் எல்லாருக்கும் முன்னால அவரை அவமானப்படுத்தின மாதிரி இருந்திருக்கும். இப்ப அது எங்களுக்குள்ள பேசி வைச்ச விசயம்.

ஏறாவூர் ராத்தா | மார்ச் 20, பகல் 12.50

நானும் என்ர சேரிட்ட நானா சொன்ன மாதிரி முன்னுக்கே கேட்டுப் பார்த்தன். "சரி சரி" எண்டார். ரெண்டாவது வசனத்திலயே பாய்ஞ்சார். அடுத்த கூட்டத்திலயும் கேப்பன், ஆனா பெரிசா நம்பிக்கை இல்ல.

வாவிக்கரை | மார்ச் 25, இரவு 9.30

புதுசா ஒண்டு. அண்ணன் இப்ப எனக்குப் பாயிறதில்ல. புதுசா வந்த தம்பி ஒராளுக்குப் பாயிறார். அந்தத் தம்பி கிரான் பக்கம், சத்தம் குறைவாக் கதைக்கிறவன். இண்டைக்கு அவன் பாதியில விட்டிட்டு அப்படியே தலையைக் குனிஞ்சுகொண்டு இருந்தான். அவனுக்காக நான் அண்ணனிட்டச் சொல்லலாமா?

கல்முனைக்குடி நானா | மார்ச் 26, மாலை 5.15

விறாந்தைக்குக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டாம். அவனுக்கு அது நோகிறதா என்று உங்களுக்குத் தெரியாது, அவன் சொல்ல வேண்டிய கதையை நீங்கள் எடுத்தால் திரும்பவும் 'சில பேர்' ஆகிவிடும். கூட்டத்தில் அந்த நேரமே "தம்பி சொன்னதன் மிச்சத்தைக் கேப்பம்" என்று நீங்கள் சொல்லலாம். அது அண்ணனைக் குறை சொல்வதில்லை, பேச்சை அவனிடம் திருப்பிக் கொடுப்பது.

ஏறாவூர் ராத்தா | மார்ச் 26, இரவு 7.40

நான் ஒத்துக்கொள்ள மாட்டன் நானா. வந்து கொஞ்ச நாள் ஆன பொடியன் மூத்தவருக்கு எப்படி வாய் திறப்பான்? அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் இடையில அந்தக் கதை ஒருக்கா நடந்து முடிஞ்சிருக்கு. இனிமேல் அவ சொன்னா அவர் கேப்பார். "தம்பியை நீங்க வெட்டினதை நான் கண்டன், எனக்கே ஒரு மாதிரி இருந்த" எண்டு தன்ட பெயரிலயே சொல்லலாமே. அதில 'சில பேர்' இல்ல.

வாவிக்கரை | மார்ச் 26, இரவு 10.05

ரெண்டு பேர் சொல்றதும் எனக்குச் சரியாப் படுது. நாளைக்கு முதல்ல தம்பியிட்டக் கேக்கிறன், அவனுக்கு எப்படி இருந்த எண்டு. அவன் ஒண்டுமில்ல அக்கா எண்டு சொல்லுவான் எண்டுதான் நினைக்கிறன். அப்படிச் சொன்னா, வாற திங்கள் நானா சொன்னதைச் செய்வன்.